வசூல் மட்டும் நிற்கவில்லை: இணையத்தில் விற்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். என் பணம் 1,84,600 ரூபாய் வாடிக்கையாளர் இணையத்தில் செலுத்துவதை வாங்கி எனக்குத் தர வேண்டிய ஒரு பேமென்ட் கேட்வே நிறுவனத்திடம் சிக்கியிருக்கிறது. காரணத்தை இதுவரை ஒருவரும் சொல்லவில்லை.

சின்னாளப்பட்டிச் சேலைகளைச் சொந்த இணையதளத்தில் விற்கிறேன். கணக்குத் தொடங்கும்போது அந்த நிறுவனத்தின் பிரதிநிதி தேன் ஒழுகப் பேசினார். "இரண்டே வேலை நாளில் பணம் உங்கள் வங்கியில் இருக்கும் மேடம். ஏதாவது சிக்கல் என்றால் என்னையே கூப்பிடுங்கள்." பான் அட்டை, ஜிஎஸ்டி சான்று, ரத்து செய்த காசோலை என அத்தனையும் வாங்கிச் சரிபார்த்தார்கள். மாதக்கணக்கில் பணமும் ஒழுங்காக வந்தது.

தீபாவளி விற்பனை சூடுபிடித்ததும் வரவு நின்றது. கணக்குப் பக்கத்தில் 'ஹோல்டு' என்று ஒரு சொல், அவ்வளவுதான். இதில் பெரிய அயோக்கியத்தனம் என்ன தெரியுமா? எனக்குத் தருவதை நிறுத்தியவர்கள், வாடிக்கையாளரிடம் வாங்குவதை நிறுத்தவில்லை. ஒவ்வொரு ஆர்டருக்கும் 'பணம் செலுத்தப்பட்டது' என்று வந்துகொண்டே இருந்தது. நான் சேலையை அனுப்பிக்கொண்டே இருந்தேன். என் தளத்திலிருந்து அவர்களுடைய இணைப்பை நான் நீக்கிய பிறகுதான் தொகை 1,84,600 ரூபாயோடு நின்றது.

மின்னஞ்சல் அனுப்பினால், "இடர் ஆய்வுக் குழு பரிசீலிக்கிறது, பொறுமைக்கு நன்றி" என்று பதில். பில்களும் கூரியர் ஒப்புகைகளும் கேட்டார்கள், அனுப்பினேன். "புகார் தீர்க்கப்பட்டது" என்று மூடிவிட்டார்கள்! எது தீர்ந்தது? எந்த வாடிக்கையாளரும் பணத்தைத் திருப்பிக் கேட்டதாக அவர்கள் பக்கத்திலேயே பதிவு இல்லை. என்னையே கூப்பிடுங்கள் என்ற அந்தப் பிரதிநிதி இப்போது போனை எடுப்பதில்லை. ஒப்பந்தத்தின்படி தங்கள் விருப்பப்படி நிறுத்திவைக்கலாமாம். எத்தனை நாள் என்று கேட்டால் பதில் இல்லை.

ஜிஎஸ்டி இதற்காகக் காத்திருக்குமா? பில் போட்டாயிற்று, அடுத்த மாதம் 20-ஆம் தேதிக்குள் வரி கட்டியாக வேண்டும். கைக்கு வராத பணத்துக்கு வரி. நெசவாளர்களுக்குக் கூலியும் கைக்காசிலிருந்துதான் போகிறது.

விரிவாக எழுத நினைத்தேன், இப்போது முடியவில்லை. இவற்றை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு நாள் வரவு தவறினாலே அந்த இணைப்பை எடுத்துவிடுங்கள். வங்கியின் க்யூஆர் ஒன்றைத் தயாராக வைத்திருங்கள். பரிவர்த்தனைப் பட்டியலை உடனே பதிவிறக்குங்கள், நாளை உள்ளே நுழையவே விடாமல் பூட்டலாம். உதவி மையத்தோடு மல்லுக்கட்ட வேண்டாம். இத்தகைய நிறுவனங்கள் புகார்களைக் கவனிக்கும் நோடல் அதிகாரியின் விவரத்தைத் தங்கள் தளத்தில் வெளியிட வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. அவருக்கே தேதி, தொகை, பரிவர்த்தனை எண்களோடு எழுதுங்கள். 30 நாளில் முடிவு வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் cms.rbi.org.in தளத்தில் புகாரைப் பதியுங்கள். நானும் நோடல் அதிகாரிக்கு எழுதிவிட்டேன். 1,84,600 ரூபாய் இன்னும் அவர்களிடம்தான் இருக்கிறது.