‘உங்க பலவீனம் என்ன?’ – எந்தப் பதில் அடுத்த கேள்வியைத் தாங்கும்?

கணக்குப் பிரிவு வேலைக்கு, இரண்டு வருட அனுபவம் உள்ளவர் நேர்காணலுக்கு வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். பலவீனம் பற்றிக் கேட்டால் பெரும்பாலும் மூன்று வகைப் பதில்கள்தான் வரும். நேர்காணல் செய்யும் பக்கம் உட்கார்ந்திருக்கும் நான், எதைச் சொன்னாலும் அடுத்து ஒன்றைத்தான் கேட்பேன்: “கடைசியா எப்ப அப்படி நடந்துச்சு?”

முதல் பதில், “எதையும் கச்சிதமா முடிக்கணும்னு நினைப்பேன் சார், அதான் என் பலவீனம்.” அடுத்த கேள்வியைக் கேட்டதும் பேச்சு நின்றுவிடும். சொல்ல ஒரு சம்பவமும் இருக்காது. மனப்பாடம் என்று அங்கேயே தெரிந்துவிடுகிறது.

இரண்டாவது, “மேடையில் பேசப் பயம்.” உண்மையாகவே இருக்கலாம். ஆனால் இந்த வேலையில் மேடையே கிடையாது. கேள்வியிலிருந்து நழுவுகிறார் என்றுதான் தோன்றும்.

மூன்றாவது, வேலையைத் தொடும் ஒரு நிஜக் குறை. நான் பரிந்துரைப்பது இதைத்தான். உதாரணத்துக்கு இப்படி:

“சிக்கல் வந்தா உடனே கேட்க மாட்டேன் சார், நானே உட்கார்ந்து தேடுவேன். ஒரு மாசம் 14 பர்ச்சேஸ் பில் GSTR-2B-யோட ஒத்துப்போகலை. நாலு நாள் தனியா தேடிட்டு, 19-ஆம் தேதி ராத்திரிதான் சீனியர்கிட்ட சொன்னேன். ஒன்பது பில்லுக்கு நம்பரை நாங்களே தப்பா ஏத்தியிருந்தோம். அவர் பத்தே நிமிஷத்துல கண்டுபிடிச்சார். இப்ப 16-ஆம் தேதி சாயங்காலம், தீராத பில் லிஸ்ட்டை அவருக்கு அனுப்பிடறேன். ரிட்டர்ன் தவிர மத்த வேலையில இன்னும் தாமதமாத்தான் கேட்கறேன்.”

விற்றவர்கள் தாக்கல் செய்த பில்களைக் காட்டும் ஜிஎஸ்டி பட்டியலான 2B 14-ஆம் தேதி வரும், மாதாமாதம் தாக்கல் செய்பவர்களுக்கு GSTR-3B என்ற ஜிஎஸ்டி ரிட்டர்னுக்குக் கெடு பொதுவாக 20. அதனால் 19-ஆம் தேதி ராத்திரி என்றதுமே குறையின் கனம் கேட்பவருக்குப் புரிகிறது. கடைசி வரியைப் பலரும் விட்டுவிட்டு, “இப்ப முழுசா சரியாயிடுச்சு” என்று முடிக்கிறார்கள். அப்படிச் சொன்னால் அது பலவீனமே இல்லை என்றாகிவிடும், முதல் பதிலின் வாடை வந்துவிடும்.

இந்தப் பதிலுக்கும் ஓர் எல்லை உண்டு. “எண்கள்ல அடிக்கடி தப்பு விடுவேன்” என்பதும் நிஜக் குறைதான். ஆனால் அது இந்த வேலையின் அடிப்படையையே தொடுகிறது. அது உண்மையாக இருந்தால் திருத்த வேண்டியது பதிலை அல்ல, அந்தக் குறையைத்தான்.

சரி, இதையும் ஒப்பிக்கிற மாதிரி சொல்லிவிட்டால்? வாக்கியங்களை எழுதிப் படிக்காதீர்கள். என்ன நடந்தது, எந்தத் தேதி, இப்போது என்ன செய்கிறீர்கள், இந்த மூன்றை மட்டும் நினைவில் வையுங்கள். வீட்டில் யாரிடமாவது இரண்டு தடவை சொல்லிப் பாருங்கள். இரண்டாவது தடவை வார்த்தைகள் மாறி வந்தால் நல்லது. ஒரு நிமிடத்துக்குள் சொல்லி நிறுத்திவிடுங்கள், அப்புறம் அவர் கேட்கட்டும்.