பத்துச் சொல்லில் ஒரு வாடகை வீடு

நாகர்கோவில் வெட்டூர்ணிமடத்தில் ஒரு மாடி வீடு. வாடகை 9,000, அட்வான்ஸ் 50,000. இதற்கு வரி விளம்பரம் கொடுக்க வேண்டும். பத்துச் சொல் வரை 300 ரூபாய், அதற்கு மேல் சொல்லுக்கு 20 என்று ஒரு கணக்குக்கு வைத்துக்கொள்வோம். பத்திரிகைக்குப் பத்திரிகை தொகை மாறும்.

முதல் வாசகம், வீட்டுக்காரர்கள் வழக்கமாக எழுதித் தரும் மாதிரி:

"நாகர்கோவில் வெட்டூர்ணிமடத்தில் அமைதியான சூழலில் இரண்டு படுக்கையறை, ஹால், கிச்சன், கிணற்று நீர் வசதியுடன் கூடிய முதல் மாடி வீடு உடனடியாக வாடகைக்கு விடப்படும். சிறு குடும்பத்தினர் மட்டும் தொடர்பு கொள்ளவும். செல்: (எண்)"

போன் எண்ணோடு 25 சொல், 600 ரூபாய். இவ்வளவு எழுதியும் வாடகை எவ்வளவு என்று இல்லை. 'தொடர்பு கொள்ளவும்', 'செல்' மூன்றும் வீண். எண்ணைப் பார்த்தால் யாரும் கூப்பிடத்தான் போகிறார்கள். 'சிறு குடும்பத்தினர் மட்டும்' என்பதற்கு 60 ரூபாய். ஏழு பேர் உள்ள வீட்டிலும் தங்கள் குடும்பம் சிறியது என்றுதான் நினைப்பார்கள்.

இரண்டாவது, சிக்கனக்காரர் எழுதுவது:

"வெட்டூர்ணிமடம் 2 பெட்ரூம் வீடு வாடகைக்கு. (எண்)"

ஆறே சொல். ஆனால் பத்துக்குக் குறைந்தாலும் 300 கொடுத்தே ஆக வேண்டும், ஆக மிச்சம் ஒன்றுமில்லை. அப்புறம் போன் அடித்துக்கொண்டே இருக்கும். "வாடகை எவ்வளவு? மாடியா, கீழேயா? தண்ணி எப்படி?" மாடி என்றதும் முட்டுவலிக்காரர்கள் வைத்துவிடுவார்கள்.

மூன்றாவது:

"வெட்டூர்ணிமடம், 2 பெட்ரூம், மாடி, கிணற்றுத்தண்ணீர், வாடகை 9,000, அட்வான்ஸ் 50,000, (எண்)"

சரியாகப் பத்து. என் ஓட்டு இதற்குத்தான். நாகர்கோவில் பதிப்பு வாசகருக்கு வெட்டூர்ணிமடம் எங்கே என்று சொல்லத் தேவையில்லை. 'வாடகை 9,000' இரண்டு வேலை பார்க்கிறது: தொகையும் தெரிகிறது, இது ஒற்றிக்கு இல்லை என்பதும் தெரிகிறது. நம் மாவட்டத்தில் ஒற்றிக்கு வீடு தேடுகிறவர்கள் நிறைய. வெறுமனே 'வீடு' என்று போட்டால் அவர்களும் கூப்பிடுவார்கள். 'வீடு' என்ற சொல்லையே விட்டிருக்கிறேன். அது 'வீடு வாடகைக்கு' என்ற தலைப்பின் கீழ் வந்தால் மட்டும் சரிவரும். எந்தத் தலைப்பில் போடுவார்கள் என்று கவுன்டரில் கேட்டுவிட வேண்டும். 'கிணற்றுத்தண்ணீர்' என்று சேர்த்து எழுதியதை அங்கே பிரித்து இரண்டாக எண்ணினால், 'கிணறு' என்று மாற்றிக்கொள்ளலாம்.

குளச்சல், மணவாளக்குறிச்சி போன்ற கடலோர ஊர் என்றால் கிணறு உண்டு என்பது மட்டும் போதாது. தண்ணீர் உப்பா என்றுதான் கேட்பார்கள். உப்பில்லை என்றால் அந்த இடத்தில் 'நல்லதண்ணீர்' வர வேண்டும்.

பதினோராவது சொல்லுக்கு 20 ரூபாய் செலவழிக்க மனமிருந்தால், 'அமைதியான' எல்லாம் வேண்டாம். பகலில் வேலைக்குப் போகிற வீட்டுக்காரர் இன்னொரு போன் எண்ணைப் போடட்டும்.