52 H7 துளை: பிளக் கேஜா, எக்செல்லா, பத்து வரி நிரலா?

திருநெல்வேலி பேட்டைப் பக்கம் ஒரு சிறு லேத் பட்டறையில் அளவு பார்க்கும் வேலை எனக்கு. அதிகம் வருவது அரிசி ஆலை எலிவேட்டருக்கான பேரிங் ஹவுசிங். வார்ப்பிரும்பு, உள்ளே 6205 பேரிங் உட்காரும். அந்தப் பேரிங்கின் வெளிவிட்டம் 52 மில்லிமீட்டர், அதனால் வரைபடத்தில் துளைக்கு 52 H7 என்று போட்டிருக்கும். அதாவது 52.000 முதல் 52.030 வரை இருக்கலாம். மொத்தம் 30 மைக்ரான்தான் இடம்.

ஒவ்வொரு ஹவுசிங்கையும் ஏற்பதா, ரீவொர்க்குக்கு அனுப்புவதா, ரிஜெக்ட் செய்வதா என்று சொல்ல வேண்டும். இதற்கு எங்கள் பட்டறையில் மூன்று வழிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. முதலில் பிளக் கேஜ், அப்புறம் போர் கேஜும் எக்செல்லும், கடைசியாக ஒரு சின்ன பைத்தான் நிரல். மூன்றையும் வைத்துப் பல மாதம் வேலை பார்த்தபின் இதை எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். துளை சின்னதாக இருந்தால் இன்னும் கொஞ்சம் கடையலாம், அது ரீவொர்க். பெரிதாகிவிட்டால் போன இரும்பு திரும்பி வராது, அது ரிஜெக்ட். தண்டுக்கு இது நேர்மாறு: தடித்தால் ரீவொர்க், இளைத்தால் ரிஜெக்ட். வெல்டிங் வைத்தோ குரோம் ஏற்றியோ சரிசெய்ய முடியும் என்றாலும், வாடிக்கையாளர் ஒப்புக்கொள்ளாமல் அதைச் செய்யக் கூடாது. "அளவு வெளியே போனால் ரீவொர்க்" என்று இரண்டு பக்கத்துக்கும் ஒரே விதி எழுதும் எந்த முறையும் பாதி நேரம் தப்பான பதிலைத்தான் தரும்.

பிளக் கேஜ் இந்த ஒருதலையான விதியைத் தன் உடம்பிலேயே வைத்திருக்கிறது. அது இரண்டு முனையிலும் உருளை உள்ள ஒரு கைப்பிடி. ஒரு முனை கோ, 52.000. மறுமுனை நோ-கோ, 52.030. கோ நுழையவில்லையா, ரீவொர்க். நோ-கோவும் நுழைந்துவிட்டதா, ரிஜெக்ட். கோ நுழைந்து நோ-கோ வாசலிலேயே நின்றால் ஏற்கலாம். எழுத்து வேண்டாம், கணக்கு வேண்டாம், ஒரு ஹவுசிங்குக்குப் பத்து நொடி. லேத்தில் நிற்கும் அண்ணாச்சியே பார்த்துவிடுவார். எங்களிடம் இதைவிட வேகமான முறை கிடையாது.

ஆனால் அது எண்ணைச் சொல்லாது. போரிங் டூல் தேயத் தேயத் துளை 52.020, 52.014, 52.006 என்று மெல்லச் சுருங்கிக்கொண்டே வரும். பிளக் கேஜ் மூன்றுக்கும் ஒரே பதிலைத்தான் தரும். 52.000க்குக் கீழே போன பிறகுதான் கோ நிற்கும். இன்னொரு குறை, நோ-கோ முனையும் முழு உருளை. துளை நீள்வட்டமாக ஒரு பக்கம் 52.041, மறு பக்கம் 52.008 என்று இருந்தால், அந்தக் குறுகிய பக்கம் நோ-கோவைத் தடுத்துவிடும். பெரிதான பக்கத்தை யாரும் பார்ப்பதே இல்லை. கோ கேஜ் முழு வடிவத்தையும் சோதிக்க வேண்டும், நோ-கோ புள்ளி புள்ளியாகச் சோதிக்க வேண்டும் என்று வில்லியம் டெய்லர் 1905லேயே சொல்லிவிட்டார். பட்டறைகளில் கிடைக்கும் சாதாரண பிளக் கேஜில் முதல் பாதிதான் இருக்கிறது.

அதனால்தான் துளையின் விட்டத்தை எண்ணாகக் காட்டும் போர் கேஜுக்கு மாறினோம். அளவு தெரிந்த வளையமான ரிங் கேஜில் சுழியம் வைத்து, துளைக்குள் குறுக்கே ஒன்று, நெடுக்கே ஒன்று என அளந்து, சராசரியை எக்செல்லில் போட்டோம். சூத்திரம் இதுதான்:

```
=IF(B2<52,"REWORK",IF(B2>52.03,"REJECT","ACCEPT"))
```

பார்த்தால் சரியாகத்தான் இருக்கிறது. எண்கள் கையில் வந்ததில் ஒரு பெரிய ஆதாயம் இருந்தது: டூல் தேய்வது இரண்டு நாள் முன்னாலேயே தெரிய ஆரம்பித்தது. அதே சமயம் மூன்று ஓட்டைகளும் வந்தன.

முதலாவது, காலிக் கட்டம். அளவு எழுத மறந்த ஹவுசிங்கின் கட்டத்தை எக்செல் சுழியம் என்றே எடுத்துக்கொள்ளும். சுழியம் 52ஐவிடச் சின்னது, ஆக பதில் REWORK. அளக்கவே அளக்காத ஒரு ஜாப் ரீவொர்க் அடுக்கில் போய் உட்கார்ந்துவிடும். எண்ணுக்குப் பின்னால் தெரியாமல் ஏதாவது எழுத்து விழுந்து அது உரையாகிவிட்டால் பதில் REJECT. எக்செல்லுக்கு எந்த உரையும் எந்த எண்ணையும்விடப் பெரியது.

இரண்டாவது, கழித்தல். எங்கள் பையன் ஒருவன் நேரடி அளவுக்குப் பதில், 52இலிருந்து எவ்வளவு விலகல் என்று தனிக் கட்டத்தில் கணக்கிட்டு அதை 0.03உடன் ஒப்பிட்டான். மேல் எல்லையிலேயே சரியாக நின்ற ஹவுசிங் ஒன்று ரிஜெக்ட் ஆனது. பைத்தானில் போட்டுப் பார்த்தால் காரணம் கண்ணில் படும்:

```python
>>> 52.03 - 52
0.030000000000001137
```

கணினி பதின்மங்களை இரும எண்ணாக வைத்துக்கொள்வதால் 52.03ஐ மிகச் சரியாகச் சேமிக்க முடியாது. கழித்ததும் அந்த மயிரிழைப் பிழை வெளியே தெரிகிறது. எக்செல்லும் உள்ளே இதே வகை எண்ணைத்தான் பயன்படுத்துகிறது.

மூன்றாவதுதான் மோசம்: சராசரி. கடந்த கோடையில் ஒரு லாட்டில் இருந்த ஐந்து ஹவுசிங்கை மூன்று முறையிலும் தீர்ப்புப் பார்த்தேன்.

| ஹவுசிங் | சிறிய அளவு | பெரிய அளவு | பிளக் கேஜ் | எக்செல் சராசரி | கடைசியில் சரியானது |
|---|---|---|---|---|---|
| 1 | 52.011 | 52.014 | ஏற்பு | ஏற்பு | ஏற்பு |
| 2 | 51.990 | 51.993 | ரீவொர்க் | ரீவொர்க் | ரீவொர்க் |
| 3 | 52.008 | 52.041 | ஏற்பு | ஏற்பு | ரிஜெக்ட் |
| 4 | 51.994 | 52.034 | ரீவொர்க் | ஏற்பு | ரிஜெக்ட் |
| 5 | 52.012 | 52.013 | ரீவொர்க் | ஏற்பு | ரீவொர்க் |

நான்காவது ஹவுசிங்கைக் கொஞ்சம் நின்று பாருங்கள். கோ நுழையவில்லை. லேத் அண்ணாச்சி, "உள்ள போவ மாட்டேங்கு தம்பி, இன்னும் ஒரு சீவு சீவினா சரியாயிரும்" என்றார். கேஜ் சொன்னதை வைத்துப் பார்த்தால் அவர் சொன்னது சரிதான். ஆனால் மறு பக்கம் ஏற்கெனவே 52.034. எவ்வளவு சீவினாலும் அது குறையப் போவதில்லை. எக்செல்லோ இரண்டையும் கூட்டி வகுத்து 52.014 என்று நல்ல பிள்ளையாகக் காட்டியது. ஒரே ஜாப்புக்கு இரண்டு முறையும் இரண்டு விதமான தப்பான பதில். எந்தக் கேள்வியை முதலில் கேட்கிறோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது: ஏதாவது ஒரு இடத்திலாவது பெரிதாகிவிட்டதா என்பதை முதலில் கேட்க வேண்டும். இல்லை என்று உறுதியான பிறகுதான் சின்னதா என்று கேட்க வேண்டும்.

ஐந்தாவது வேறு மாதிரி. எந்தப் பக்கம் அளந்தாலும் 52.012, 52.013. ஆனால் கோ நுழையவில்லை. அந்த ஹவுசிங்கின் சுவர் மெல்லியது. மூன்று தாடைச் சக்கில் இறுக்கிப் பிடித்துக் கடையும்போது துளை வட்டமாகத்தான் வரும். சக்கைத் தளர்த்தியதும் இரும்பு பழைய நிலைக்குத் திரும்ப, துளை மூன்று முனை கொண்ட வடிவமாகிவிடும். அந்த வடிவத்தில் ஒரு முனைக்கு எதிரே எப்போதும் ஒரு மேடு இருக்கும், அதனால் இரண்டு புள்ளியில் தொடும் போர் கேஜுக்கு வித்தியாசமே தெரியாது. முழு உருளையான கோ கேஜ்தான் இதைப் பிடித்துக்கொடுத்தது. எண் இருந்தால் போதும், பழைய பிளக் கேஜைத் தூக்கி அலமாரியில் வைத்துவிடலாம் என்று நான் நினைத்திருந்தது அன்றோடு மாறிவிட்டது.

இப்போது ஓடும் நிரல் இது:

```python
def judge_bore(readings, go_enters, low=52000, high=52030):
    # அளவெல்லாம் மைக்ரானில், முழு எண்
    if len(readings) != 4:
        raise ValueError("நான்கு அளவு வேண்டும்")
    if max(readings) > high:
        return "reject"
    if min(readings) < low or not go_enters:
        return "rework"
    return "accept"
```

இரண்டு ஆழத்தில், ஒவ்வொன்றிலும் குறுக்கே ஒன்று நெடுக்கே ஒன்று, ஆக நான்கு அளவு. 52.034ஐ 52034 என்று முழு எண்ணாகவே எழுதுவதால் கழித்தல் தொல்லை இல்லை. ஓர் அளவு விடுபட்டாலும் பதில் தராமல் நிரல் நின்றுவிடும். சராசரி எங்குமே இல்லை. அளவுகளோடு கோ நுழைந்ததா இல்லையா என்பதும் சேர்ந்தே போகிறது. நோ-கோ முனையை விட்டுவிட்டோம், அந்த வேலையைப் போர் கேஜ் அதைவிட நன்றாகச் செய்கிறது.

என் தேர்வு இதுதான், கோ முனையும் நிரலும் சேர்ந்து. ஆனால் ஒரு நாளைக்கு நானூறு ஜாப், கனமான சுவர், நல்ல லேத் என்றால் பிளக் கேஜை மட்டும் வைத்தே ஓட்டலாம், இருபதில் ஒன்றை மட்டும் போர் கேஜில் பார்த்தால் போதும். ஒரு ஹவுசிங்கை நான்கு இடத்தில் அளந்து எழுத இரண்டு நிமிடம் ஆகிவிடுகிறது. எக்செல்தான் வேண்டும் என்பவர்கள், சராசரிக்குப் பதில் MAX, MIN போட்டு, COUNTஐ வைத்து நான்கு எண்ணும் இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டால் கிட்டத்தட்ட இதே பதில் வந்துவிடும்.

ரீவொர்க் என்று எழுதுவது சுலபம், செய்வது சுலபமில்லை. இரண்டாவது ஹவுசிங் 51.990. சக்கிலிருந்து இறங்கிய ஜாப்பை மறுபடி ஏற்றினால் மையம் சில நூறில் ஒரு பங்கு மில்லிமீட்டர் விலகியிருக்கும். டூல் ஒரு பக்கம் ஆழமாக வெட்டும், மறு பக்கம் தொடவே தொடாது. பக்கத்துக்குப் பத்து மைக்ரான் மட்டும் எடுக்கப் போனால் டூல் வெட்டாமல் வெறுமனே உரசும். அதனால் 51.950க்கு மேலே உள்ளவற்றை நாங்கள் போரிங்குக்கு அனுப்புவதில்லை, கல்லால் தேய்த்தெடுக்கும் ஹோனிங்தான். அதற்குக் கீழே இருந்தால், அந்த ஜாப்புக்கென்றே கடைந்த மென்தாடையில் பிடித்து போரிங் செய்கிறோம். ஹோனிங்கா போரிங்கா என்று ரீவொர்க் சீட்டில் எழுத எண் வேண்டும், பிளக் கேஜால் அதைத் தர முடியாது.

இந்த மூன்று முறையுமே கைவிட்டுவிடும் ஓர் இடம் உண்டு, எங்கள் ஊர் வெயில். அளவுகளின் குறிப்பு வெப்பநிலை 20 டிகிரி. சித்திரை மாதம் தகரக் கூரைக்குக் கீழே 38 டிகிரி. ஹவுசிங்கும் கேஜும் இரண்டும் இரும்பு வகை, இரண்டும் ஒரே சூட்டில் இருந்தால் ஏறக்குறைய ஒன்றாகவே விரியும், பிரச்சினை இல்லை. லேத்திலிருந்து அப்போதுதான் இறங்கிய ஜாப், கேஜைவிடப் பதினைந்து டிகிரி கூடச் சூடாக இருந்தால் துளை 8 மைக்ரான் பெரிதாகத் தெரியும். 52.024ஆக இருக்க வேண்டியது 52.032 என்று ரிஜெக்ட் ஆகும். 51.995ஆக இருக்க வேண்டியது 52.003 என்று ஏற்பில் போய்விடும். அதனால் எல்லா ஜாப்பையும் கேஜ் இருக்கும் அதே இரும்புப் பலகையில் ஒரு மணி நேரம் போட்டுவைத்துவிட்டுத்தான் அளக்கிறோம். அலுமினிய ஹவுசிங் வந்தால் அதுவும் போதாது: அலுமினியம் எஃகைப்போல் இரண்டு மடங்கு விரிவதால், 38 டிகிரியில் 52 துளை 11 மைக்ரான் கூட்டிக் காட்டும். அந்த நாட்களில் நிரலுக்குக் கொடுக்கும் ஒவ்வோர் அளவிலும் 11ஐக் கழித்துவிட்டே எழுதுகிறோம், பலகையில் ஒட்டியிருக்கும் வெப்பமானியின் எண்ணையும் பக்கத்தில் குறித்து.