மறதி நோய் என்று சொல்லி அனுப்பினார்கள், குறைந்திருந்தது சோடியம்

வயதான அம்மா, அப்பாவுக்குப் பிரஷர் மாத்திரையோ மன அழுத்த மாத்திரையோ புதிதாக எழுதிக் கொடுத்திருந்தால் இதைப் படித்துவிடுங்கள். எங்களுக்குப் போனது 38,000 ரூபாயும் ஒன்பது நாளும். அம்மாவுக்குப் போக இருந்தது அதைவிடப் பெரிது.

அம்மாவுக்கு 74 வயது, சேரன்மகாதேவியில் இருக்கிறார். பங்குனியில் அப்பா தவறிவிட்டார். பதினாறாம் நாள் காரியம் முடிந்த கையோடு பிரஷர் பார்த்தபோது 170. பழைய மாத்திரையை நிறுத்திவிட்டுப் புதிதாக ஒன்று கொடுத்தார்கள். பெயர் பழைய மாத்திரையின் பெயரேதான், கடைசியில் 'எச்' என்று ஓர் எழுத்து மட்டும் கூடுதல். நாங்கள் யாரும் அதைக் கவனிக்கவில்லை. மூன்று வாரம் கழித்து, தூக்கம் இல்லை, சாப்பாடு இல்லை, எந்நேரமும் அழுகை என்று இன்னொரு டாக்டரிடம் கூட்டிப் போனோம். எஸ்சிட்டலோபிராம் என்ற மன அழுத்த மாத்திரை, 10 மில்லிகிராம் எழுதினார். ஏற்கெனவே என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று அவரும் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை. இதில் எங்கள் தப்பும் இருக்கிறது.

அது சித்திரை வெயில். வருகிறவர்கள் எல்லாம் "நெறைய தண்ணி குடிங்க, பிரஷருக்கு உப்பக் கொறைங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அம்மாவும் சொன்னபடி செம்பு செம்பாகக் குடித்தார்.

பத்து நாளில் தலைவலி, குமட்டல். நடக்கும்போது லேசாகத் தள்ளாடினார். தார்சாவில் ஒருநாள் விழுந்தும்விட்டார், நல்லவேளை அடி இல்லை. அதற்கடுத்த நாள் காலையில் என்னைப் பார்த்து, "ஏய்யா, பிசான நடவுக்கு ஆள் வந்தாச்சா?" என்றார். வயலை விற்றுப் பதினெட்டு வருஷம் ஆகிறது. சாயங்காலம் கொஞ்சம் தெளிவாகப் பேசினார். ராத்திரி அக்காவை யாரென்றே தெரியவில்லை.

திருநெல்வேலியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். பெயர் வேண்டாம். தலையை ஸ்கேன் எடுத்தார்கள், "வயசுக்கேத்த மூளைச் சுருக்கம்" என்றார்கள். 'கிட்னி டெஸ்ட்' எடுத்தார்கள், நார்மல். தளர்ச்சியாக இருக்கிறார் என்று குளுக்கோஸ் பாட்டில் ஏற்றினார்கள், நாலு நாளில் ஆறு பாட்டில். அம்மா முன்னைவிட மோசமானார், எந்நேரமும் அரைத் தூக்கம். ஐந்தாம் நாள் மறதி நோய்க்கான மாத்திரை ஒரு மாதத்துக்கு எழுதிக் கொடுத்து, "வயசானா இப்படித்தான், வீட்டுல வெச்சுப் பாத்துக்கோங்க" என்று அனுப்பிவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்து நாலு நாள். எழுப்பினாலும் சரியாகக் கண் திறக்காத நிலையில் ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனோம். அங்கே இருந்த இளம் டாக்டரம்மா முதலில் கேட்டது, "எப்போலேர்ந்து இப்படி?" என்பது. பத்துப் பன்னிரண்டு நாளாக என்றேன். "அதுக்கு முன்னாடி கணக்கு வழக்கெல்லாம் சரியாப் பாத்தாங்களா?" பால் கணக்கு வரை மனதிலேயே வைத்திருப்பார் என்றேன். "மறதி நோய் மாசக்கணக்கா, வருஷக்கணக்கா வரும். நாள்கணக்குல வந்தா உடம்புல வேற ஏதோ கெட்டிருக்கு. சாப்பிடுற மாத்திரை எல்லாத்தையும் எடுத்துட்டு வாங்க" என்றார்.

அட்டைகளைப் பார்த்ததும் அந்த 'எச்' எழுத்தில் விரலை வைத்தார். ஹைட்ரோகுளோரோதயசைடு, அதாவது சிறுநீரை அதிகம் போகவைக்கும் நீர் மாத்திரை, பிரஷர் மாத்திரையோடு சேர்த்தே ஒரே வில்லையாக வருவது. குளோர்தலிடோன், இண்டபமைடு என்று வருபவையும் இந்த வேலையைச் செய்பவைதான். கையிலிருந்து ரத்தம் எடுத்து ஒரு மணி நேரத்தில் ரிசல்ட் வந்தது: சோடியம், அதாவது ரத்தத்தில் உள்ள உப்புச் சத்து, 116. இருக்க வேண்டியது 135 முதல் 145 வரை. 125-க்குக் கீழே போனாலே ஆபத்தான குறைவு.

பழைய ரிப்போர்ட்டை எடுத்துக் காட்டி, "கிட்னி டெஸ்ட் நார்மல்னாங்களே?" என்று கேட்டேன். அதில் யூரியாவும் கிரியாட்டினினும் மட்டும்தான் இருந்தன. சோடியம் வேண்டுமென்றால் பல லேப்களில் 'எலக்ட்ரோலைட்ஸ்' என்று தனியாக எழுதிக் கேட்க வேண்டும். சில நூறு ரூபாய் டெஸ்ட். ஆயிரக்கணக்கில் ஸ்கேன் எடுத்தவர்கள் இதை எழுதவே இல்லை.

டாக்டரம்மா விளக்கியதை நான் புரிந்துகொண்டபடி சொல்கிறேன். சொதியில் உப்பு சரியாக இருக்கிறது, அதில் ஒரு செம்பு தண்ணீரை ஊற்றினால் என்ன ஆகும்? நீர் மாத்திரை உப்பையும் வெளியேற்றும், கூடுதல் தண்ணீரைத் தனியே பிரித்து அனுப்பும் சிறுநீரகத்தின் திறமையையும் குறைக்கும். மன அழுத்த மாத்திரையோ, தண்ணீரைப் பிடித்துவைக்கும் ஹார்மோனை அதிகம் சுரக்கவைக்கலாம். இது பெரும்பாலும் ஆரம்பித்த முதல் சில வாரங்களில் நடக்கும், வயதான பெண்களுக்கு அதிகம். இரண்டும் சேர்ந்த உடம்பில் நாங்கள் செம்பு செம்பாகத் தண்ணீரும் ஊற்றினோம். ரத்தம் நீர்த்துப்போனால் தண்ணீர் மூளையின் செல்லுக்குள் புகுந்து அதை வீங்கவைக்கும். அதுதான் அந்த உளறல். குளுக்கோஸ் பாட்டிலில் உள்ள சர்க்கரையை உடம்பு எரித்துவிட்டால் மிஞ்சுவது வெறும் தண்ணீர். தெம்புக்கு என்று ஏற்றிய ஆறு பாட்டிலும் அந்தச் சொதியில்தான் போய் விழுந்தன.

சிறுநீரிலும் சோடியம் பார்த்தார்கள். தைராய்டு, கார்டிசால், சர்க்கரை பார்த்தார்கள். இவற்றாலும் சோடியம் குறையலாம், அல்லது குறைந்ததாகக் காட்டலாம். டிரிப்ஸ் ஓடும் கையில் ரத்தம் எடுத்தால் கணக்கே தப்பாகும் என்று மறு கையில் எடுத்ததையும் பார்த்தேன்.

சரி, உப்பை ஒரேயடியாக ஏற்றிவிட வேண்டியதுதானே என்று அக்கா கேட்டாள். அது கூடாதாம். பல நாள் குறைவாகவே இருந்து பழகிய மூளையில் சோடியம் வேகமாக ஏறினால் நரம்புகளின் உறை கெட்டு, சில நாள் கழித்துப் பேச்சு, விழுங்குதல், கைகால் எல்லாம் போகலாம். ஒரு நாளில் 8-க்கு மேல் ஏறாமல் பார்த்துக்கொண்டார்கள். வலிப்போ முழு மயக்கமோ வந்திருந்தால் அடர்த்தியான உப்பு நீரைக் கொஞ்சம் அவசரமாக ஏற்றியிருப்பார்களாம். நீர் மாத்திரையை நிறுத்தியதும் தேங்கிய தண்ணீர் மளமளவென்று வெளியேறி சோடியம் தானாகவே குதிக்கலாம் என்று, ஒவ்வொரு முறையும் சிறுநீரை அளந்தார்கள், சில மணி நேரத்துக்கு ஒருமுறை ரத்தம் எடுத்தார்கள். குடிக்கிற தண்ணீருக்கும் அளவு வைத்தார்கள். 116, மறுநாள் 122, அப்புறம் 126, ஆறாம் நாள் 132. 126 வந்த அன்று அம்மா என்னிடம், "பாலுக்காரனுக்குக் காசு குடுத்தியா?" என்றார். அக்கா வெளியே போய் அழுதுவிட்டு வந்தாள்.

இதைப் படித்துவிட்டு யாரும் மாத்திரையைத் தானாக நிறுத்த வேண்டாம், உப்பை அள்ளிக் கொடுக்கவும் வேண்டாம். நீர் மாத்திரையும் மன அழுத்த மாத்திரையும் பலருக்கு நன்றாகவே ஒத்துப்போகின்றன. தொடங்கும் முன் ஒருமுறை, தொடங்கி இரண்டு வாரத்தில் ஒருமுறை சோடியம் எழுதித் தரச் சொல்லுங்கள். இடையில் வாந்தி, வயிற்றுப்போக்கு வந்தாலும், தள்ளாட்டமோ உளறலோ வந்தாலும் அன்றே பாருங்கள். மயக்கம், வலிப்பு என்றால் லேபுக்குப் போகாமல் நேராக ஆஸ்பத்திரிக்கு.

அம்மாவுக்கு இப்போது பிரஷருக்கு அம்லோடிபின். மனநல டாக்டர் யோசித்து, இந்தத் தொல்லை குறைவாக உள்ள வேறு மாத்திரைக்கு மாற்றியிருக்கிறார். போன வாரம் சோடியம் 137.

ரிப்போர்ட்டோடு அந்தத் தனியார் ஆஸ்பத்திரிக்கும் போய்வந்தேன். டாக்டர் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "இதெல்லாம் எல்லாருக்கும் எடுக்கிறதில்ல" என்றார். மறதி மாத்திரையில் மிச்சம் 26 இருந்தன. அட்டையை வெட்டிவிட்டதால் திருப்பி எடுக்க மாட்டோம் என்றார்கள் கீழே மருந்துக்கடையில்.