லேப்டாப்புக்கு காசு குடுக்குறதுக்கு முன்னாடி சார்ஜர திருப்பிப் பாருங்க

கேஎல்ல படிக்கிற பிள்ளைங்களுக்கு கேமிங் லேப்டாப் வாங்கப் போறவங்க இத ஒரு தடவ படிச்சிருங்க. எங்களுக்கு நடந்து நாலு மாசம் ஆச்சு, நெனச்சா இன்னும் வயிறு எரியுது.

என் தம்பி அனிமேஷன் டிப்ளமா படிக்கிறான். வீடு செந்தூல், காலேஜு வங்சா மாஜு பக்கம், தினமும் மஸ்ஜிட் ஜாமெக்ல எல்ஆர்டி மாறி போகணும். அதனால தூக்கிட்டுப் போற மாதிரி இருக்கணும், அனிமேஷன் செய்ற பிளெண்டர் சாஃப்ட்வேரும் ஓடணும், ராத்திரி கொஞ்சம் கேமும் ஆடணும்னு கேட்டான். அம்மா கூட்டு கட்டி எடுத்த காசு, அதுக்கு மேல நான் போட்டது, எல்லாம் சேர்த்து நாலாயிரம் வெள்ளி.

புக்கிட் பிந்தாங் பக்கம் ஒரு கடைக்குப் போனோம். பேர் போடல. அங்க நின்ன பையன் நம்ம ஆளு, தமிழ்ல பேசவும் எனக்கு ஒரு நம்பிக்கை வந்துருச்சு. ரெண்டு லேப்டாப் காட்டினான். ஒண்ணு தடியா ரெண்டரை கிலோ கிட்ட, இன்னொண்ணு மெலிசா 1.7 கிலோ. ரெண்டுலயும் ஆர்டிஎக்ஸ் 4050 கிராஃபிக்ஸ் கார்டுதான். "அக்கா, உள்ள கார்டு ஒண்ணுதான், வேகமும் ஒண்ணுதான், தம்பி எல்ஆர்டில போறான்ல, எதுக்கு வெயிட்டு தூக்கணும்"னு சொன்னான். கேட்டா நியாயமாத்தான் இருந்துச்சு. மெலிசானது 3,599 வெள்ளி, அதுல 8 ஜிபி ரேம்தான் இருக்கு, 16 ஆக்க 220 வெள்ளின்னான், அதையும் குடுத்தோம். நாங்க சாப்பிட்டு வர்றதுக்குள்ள ரேம் போட்டு பெட்டிய கட்டி வச்சிருந்தான்.

ரெண்டு வாரம் கழிச்சு தம்பி மூஞ்சியே சரியில்ல. கூட படிக்கிற பையனோட லேப்டாப்லயும் ஆர்டிஎக்ஸ் 4050 தான், ஆனா அதே கேம் அதே செட்டிங்ல அவனுக்கு செகண்டுக்கு ஃப்ரேம் 80 வருதாம், இவனுக்கு 45 தாண்டல, ஃபேனு வேற பிளேன் ஏறுற மாதிரி கத்துது, கீபோர்டுக்கு மேல விரல் வைக்க முடியல. கடைக்கு வாட்ஸ்அப் பண்ணா "கேமிங் லேப்டாப்னா சூடாகத்தான் செய்யும் அக்கா, கூலிங் பேட் வாங்கிப் போடுங்க"ன்னு சொல்லி 90 வெள்ளிக்கு அதையும் வித்தான்.

அந்த கூலிங் பேடுதான் உண்மைய காட்டிக் குடுத்துச்சு. சூடு, வாட் எல்லாம் காட்டுற HWiNFO-ன்ற சாஃப்ட்வேர தம்பி போட்டுப் பார்த்தான். பேடு இல்லாம ஆடுறப்ப கார்டு 79 டிகிரி, பேடு வச்சா 74. அஞ்சு டிகிரி குறைஞ்சும் ஃப்ரேம் ஒண்ணு கூட ஏறல. ஏன்னா ரெண்டு நேரத்துலயும் கார்டு இழுக்குற கரண்டு அதே 45 வாட், அதுக்கு மேல போகவே மாட்டேங்குது. சூட்டால மட்டும் வேகம் குறைஞ்சிருந்தா, சூடு எறங்கினதும் ஏறியிருக்கணும்ல?

விஷயம் இதுதான். லேப்டாப்ல வர்ற ஆர்டிஎக்ஸ் 4050 எல்லாம் பேருக்குத்தான் ஒண்ணு. 35 வாட்ல இருந்து 115 வாட் வரைக்கும் எதுல வேணும்னாலும் ஓட்டிக்கலாம்னு கார்டு செய்ற என்விடியா விட்டிருக்கு, அதுல எதுன்னு லேப்டாப் செய்ற கம்பெனி முடிவு பண்ணுது. மெலிசு பாடில சீபியூக்கும் கார்டுக்கும் சேர்த்தே செப்புக் குழாய் ஓடும், ஃபேனும் சின்னது, வர்ற சூட்ட வெளிய தள்ள எடம் பத்தாது, அதனால கார்ட 45 வாட்லயே கட்டி வச்சிடுறாங்க. அது கார்டோட ஃபர்ம்வேர்லயே இருக்கு, பேடு வச்சு ஏத்த முடியாது. தடி லேப்டாப்ல அதே சிப்பு 90, 100 வாட் சாப்பிடும், வேகமா ஓடும். மெலிசு லேப்டாப் தப்பான பொருள்னு நான் சொல்லல, ரெண்டும் ஒரே வேகம்னு சொல்லி வித்தான் பாருங்க, அதத்தான் என்னால மன்னிக்க முடியல.

இத கடையிலயே கண்டுபிடிச்சிருக்கலாம். NVIDIA Control Panel தொறந்தா கீழ இடது மூலையில System Information இருக்கும், அதுக்குள்ள Maximum Graphics Power-னு ஒரு வரி, அதுல வாட் போட்டிருக்கும். இல்லன்னா கமாண்டு ப்ராம்ப்ட்ல இத அடிங்க:

```
nvidia-smi -q -d POWER
```

வர்றதுல Max Power Limit பாருங்க. சில லேப்டாப்ல அந்த எடத்துல N/A-ன்னு வரும், அப்ப முன்னாடி சொன்னதையே பாருங்க. டிஸ்ப்ளே மெஷின தொறக்க விடலன்னா சார்ஜர திருப்பிப் பாருங்க. எங்களோடதுல பொடி எழுத்துல 20V 6A-ன்னு இருந்துச்சு, பெருக்கினா 120 வாட். தம்பி கூட்டாளியோடது 20V 8.5A, அதாவது 170 வாட். சீபியூ, ஸ்கிரீன், பேட்டரி சார்ஜு எல்லாத்துக்கும் சேர்த்தே 120 தான்னா கார்டுக்கு என்னத்த மிஞ்சும்? சார்ஜரு பெருசா இருந்தா கார்டு வேகம்னு அடிச்சுச் சொல்ல முடியாது, ஆனா சின்னதா இருந்தா கட்டாயம் கேள்வி கேளுங்க.

அடுத்தது ரேம், இது பச்சத் திருட்டு. சந்தேகம் வந்ததும் பெட்டிய எடுத்துப் பார்த்தோம். கடையோட வெல ஸ்டிக்கர் கம்பெனி லேபிளுக்கு மேலயே ஒட்டியிருந்துச்சு. தம்பி நகத்தால மெதுவா உரிச்சான், அடியில "8GB*2 DDR5-5600"னு இருக்கு. அப்படின்னா அது கம்பெனிலயே 16 ஜிபியா வந்த லேப்டாப்! Task Manager-ல Performance, அதுக்குள்ள Memory பார்த்தா Slots used 1 of 2, ஸ்பீடு 4800. ரெண்டு நல்ல ரேம கழட்டி எடுத்துக்கிட்டு, ஸ்பீடு கம்மியான 16 ஜிபி ஒண்ண செருகிட்டு, எங்க கிட்டயே 220 வெள்ளியும் வாங்கியிருக்கான். ரெண்டு ரேம் சேர்ந்து ஓடினா சீபியூவுக்கு டேட்டா ரெண்டு வழியில வரும், ஒண்ணுதான்னா ஒரு வழி, அதுலயும் ஃப்ரேம் அடி வாங்கும். லேப்டாப்ல கார்டும் சீபியூவும் போர்டோட சால்டர் பண்ணினது, பின்னாடி மாத்த முடியிறது ரேமும் எஸ்எஸ்டியும்தான், அதுலயே கை வச்சிட்டான்.

கடைக்குப் போனா பொருள தொறந்தாச்சு, ரீஃபண்டு இல்லன்னாங்க. நான் சத்தம் போடல. பெட்டி, உரிச்ச ஸ்டிக்கர், Task Manager, ரெசிட் எல்லாத்தையும் போட்டோ எடுத்து, பொருள் வாங்கி ஏமாந்தவங்க கேஸ் போடுற தெரிபுனால் துந்துத்தான் பெங்குனாவோட போராங் 1 நிரப்பி அதையும் சேர்த்து கடைக்கு அனுப்பினேன். அஞ்சு வெள்ளிதான் கட்டணம், 50,000 வெள்ளி வரைக்கும் கேட்கலாம், லாயர் தேவையில்ல, மூணு வருஷத்துக்குள்ள போட்டுடணும். மறுநாளே கூப்பிட்டு 220 வெள்ளியையும் 5600 ரேம் ரெண்டையும் குடுத்துட்டாங்க. வாட் விஷயத்துக்கு மட்டும் ஒண்ணும் பண்ண முடியல, ரெசிட்ல வெறும் ஆர்டிஎக்ஸ் 4050-னுதான் இருக்கு, அவன் வாயால சொன்னதுக்கு எங்க கிட்ட எந்த ஆதாரமும் இல்ல.

இன்னொண்ணும் சொல்லணும். தம்பி கிட்ட பொறவு கேட்டேன், கிளாஸ்ல எத்தன நாள் பிளெண்டர் தொறக்குறன்னு. லேப்ல காலேஜு கம்ப்யூட்டர் இருக்கு, நான் கொண்டு போறது நோட்ஸ் எடுக்கத்தான்னான். இத மொதல்லயே கேட்டிருந்தா வீட்டுல டெஸ்க்டாப்பும் கைக்கு ஒரு பழைய சின்ன லேப்டாப்பும் பார்த்திருப்போம். ரெண்டு வருஷம் கழிச்சு கார்ட மட்டும் மாத்தியிருக்கலாம், கீபோர்டு சுட்டு அவன் இப்படி அவதிப்பட வேண்டியதும் இல்ல.

போன மாசம் பக்கத்து வீட்டு அக்கா மகளுக்கு லேப்டாப் வாங்க கூடப் போனேன். ரெசிட்ல கார்டு எத்தன வாட், ரேம் எத்தன குச்சி, பெட்டி சீல் பிரிக்கலன்னு எழுதிக் குடுங்கன்னு கேட்டோம். மொத கடையில முடியாதுன்னாங்க, எழுந்து வந்துட்டோம். ரெண்டாவது கடையில எழுதி, சாப் அடிச்சு, எங்க முன்னாடியே பெட்டிய பிரிச்சாங்க.