மாவுக்கும் சீட்டுக்கும் ஒரே க்யூஆர்: செலவைப் பிரித்துக் காட்டும் மூன்று வழிகள்

போன மாதம் ஒரு சனிக்கிழமை நான் செய்த செலவை மூன்று விதமாகக் கணக்குப் பார்த்தேன். யூபிஐ செயலி தானாகவே வகை பிரித்துக் காட்டும் பக்கம் ஒன்று. வங்கியின் எஸ்எம்எஸ்களைப் படித்துக் கணக்கு எழுதும் செலவுச் செயலி இன்னொன்று. மூன்றாவது, பணம் அனுப்பும்போது குறிப்புக் கட்டத்தில் நானே ஒரு சொல் எழுதி, பிறகு வங்கி அறிக்கையோடு ஒப்பிடுவது. ஒரே ஆள், ஒரே நாள். மூன்றும் மூன்று தொகை சொல்லின.

முதலில் அந்த நாள். சூப்பர் மார்க்கெட்டில் 2,140 ரூபாய். அதில் 1,290-க்கு மளிகை, 850-க்கு மைத்துனர் வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்கு ஒரு டிபன் கேரியர். மருந்துக்கடையில் 480. ஆட்டோவுக்கு 120. இரவு நண்பர்கள் நாலு பேர் சாப்பிட்டதற்கு 1,840, நான்தான் கொடுத்தேன். இரண்டு பேர் ஆளுக்கு 460 யூபிஐயில் திருப்பி அனுப்பினார்கள், மூன்றாமவர் ரொக்கமாகக் கையில் தந்தார். தெருமுனையில் மாவு அரைத்து விற்கும் அக்காவுக்கு மாவுக்கு 60, அதே அக்கா நடத்தும் சீட்டுக்கு 5,000. ஏடிஎம்மில் 3,000 எடுத்து அன்றைக்குச் செலவழிக்காமல் வைத்திருந்தேன். யூபிஐ லைட்டில், அதாவது சில்லறைச் செலவுக்காகப் போனிலேயே பணம் ஏற்றி வைக்கும் வசதியில், 1,000 ஏற்றி, அதிலிருந்து டீ, பூ, வண்டி நிறுத்தம் என்று 90 போனது.

யூபிஐ செயலி இதில் எதை எப்படிப் பார்க்கிறது? கடையில் ஒட்டியிருக்கும் க்யூஆர் கட்டத்துக்குள் இருப்பது ஒரு வரி எழுத்துதான். படத்தில் இருப்பதை எழுத்தாகவே காட்டும் சாதாரண ஸ்கேனரில் பார்த்தால் இப்படி இருக்கும்:

```
upi://pay?pa=storename@bank&pn=Store&mc=5411&cu=INR
```

இதில் `mc` என்பது வணிகர் வகை எண். நாலு இலக்கம். 5411 என்றால் மளிகை, சூப்பர் மார்க்கெட், 5812 உணவகம், 5912 மருந்துக்கடை. கார்டு காலத்திலிருந்து உலகம் முழுக்க இருக்கும் பட்டியல் இது, யூபிஐ அதை அப்படியே எடுத்துக்கொண்டது. கடைக்காரர் க்யூஆர் வாங்கும் நாளில் வங்கியோ, க்யூஆர் கொடுக்கும் நிறுவனமோ "என்ன கடை?" என்று கேட்டு இந்த எண்ணைப் போடுகிறது. அதன்பின் அந்தக் கடையில் நீங்கள் எதை வாங்கினாலும் அதே எண்தான். பில்லில் என்ன இருந்தது என்ற தகவல் யூபிஐ வழியாகப் போவதே இல்லை. யாருக்கு, எவ்வளவு, எப்போது என்பதும், நாமாக ஏதாவது எழுதினால் அந்தக் குறிப்பும்தான் போகின்றன.

அதனால் என் டிபன் கேரியர் மளிகையாகிவிட்டது. இதைச் செயலியின் தவறு என்று சொல்லமாட்டேன். அதற்குக் கிடைத்தது 5411 என்ற எண்ணும் 2,140 என்ற தொகையும்தான்.

தனி மனிதர்களின் க்யூஆரில் `mc` இருக்காது, அல்லது 0000 என்று இருக்கும். அது வந்தால் செயலி "பணப் பரிமாற்றம்" என்று ஒதுக்கிவிடும். மாவு அக்காவின் க்யூஆர் அப்படிப்பட்டதுதான். "கடை க்யூஆர் வாங்கலையாக்கா?" என்று ஒருநாள் கேட்டேன். "எதுக்கு தம்பி? பொண்ணு போன்ல காசு விழுந்தா போதாதா" என்றார். ஆகவே என் வரலாற்றில் அவர் பெயர்கூட இல்லை, கல்லூரியில் படிக்கும் மகளின் பெயர்தான் இருக்கிறது. ஆட்டோக்காரரும் சொந்தக் கணக்கில்தான் வாங்கினார்.

கூட்டிப் பார்த்தால், செயலி காட்டிய மொத்தம் 9,730. மளிகை 2,140, மருத்துவம் 480, உணவு 1,840, மற்றவை 90, பரிமாற்றம் 5,180. பாதிக்கு மேல் "பரிமாற்றம்" என்ற ஒரே மூட்டையில் கிடக்கிறது. ஒரு சாப்பாட்டுப் பொருள், ஒரு பயணம், ஒரு சேமிப்பு மூன்றும் அதற்குள் இருக்கின்றன. நம் ஊரில் அன்றாடம் வாங்கும் இடங்களில் எத்தனையோ சொந்தக் கணக்கில் வாங்குகிறவை. கீரைக்காரர், இஸ்திரி போடுகிறவர், பால்காரர், டியூஷன் டீச்சர் எல்லாருமே. செயலி வகைவாரியாகக் காட்டும் வட்டப் படத்தில் இந்த மூட்டை பெரிதாக இருந்தால், மிச்சத் துண்டுகளின் சதவீதத்தை வைத்து எந்த முடிவுக்கும் வராதீர்கள்.

சில செயலிகள் எண்ணோடு நிறுத்தாமல் கடையின் பெயரையும் பார்த்து ஊகிக்கின்றன. இங்கே ஒரு தமிழ்நாட்டுச் சிக்கல் உண்டு. நமக்கு ஓட்டல் என்றால் சாப்பிடும் இடம். பெயரில் அந்தச் சொல் இருப்பதால், நான் முன்பு வைத்திருந்த ஒரு செயலி நான் சாப்பிட்ட பரோட்டாவைப் பல மாதம் "பயணம், தங்குமிடம்" என்று எழுதிக்கொண்டிருந்தது. வெளியூரே போகாத மாதத்தில் பயணச் செலவு எப்படி வந்தது என்று தேடியபோதுதான் பிடிபட்டது.

இன்னொன்று, ஒரு யூபிஐ செயலிக்குத் தெரிவது பெரும்பாலும் அதன் வழியாகப் போன பணம் மட்டும்தான். வீட்டில் மின்கட்டணம் ஒரு செயலியில், கடைக்கு இன்னொன்று என்று வைத்திருந்தால் இரண்டுமே அரைகுறைக் கணக்குதான் சொல்லும். என் 3,000 ரூபாய் ஏடிஎம் பணம் அதன் கண்ணிலேயே படவில்லை.

இந்தக் குறைக்கு மருந்தாகத்தான் பலர் எஸ்எம்எஸ் படிக்கும் செயலிக்குப் போகிறார்கள். எந்தச் செயலியில் அனுப்பினாலும், கார்டைத் தேய்த்தாலும், ஏடிஎம்மில் எடுத்தாலும் வங்கி எஸ்எம்எஸ் அனுப்பும், அதை இது பிடித்துக்கொள்ளும். பரப்பளவில் இதுவே மேல். ஆனால் எஸ்எம்எஸ்ஸில் வணிகர் வகை எண் வராது. பெயரோ யூபிஐ முகவரியோதான் வரும், அதுவும் சில நேரம் பாதியில் வெட்டப்பட்டு. அதனால் வகை பிரிப்பதில் முழுக்க ஊகம்தான், முதல் வழியைவிட ஒரு படி கீழே.

பரப்பிலும் ஓட்டை உண்டு. ஹெச்.டி.எஃப்.சி. வங்கி 2024 ஜூன் 25 முதல் 100 ரூபாய்க்குக் குறைவாக யூபிஐயில் போனாலும், 500-க்குக் குறைவாக வந்தாலும் எஸ்எம்எஸ் அனுப்புவதை நிறுத்தியது. மின்னஞ்சல் மட்டும் வரும். என் கணக்கிலும் இதே வரம்புகள்தான். விளைவைப் பாருங்கள். மாவுக்கு 60 போனது தெரியாது. நண்பர்கள் அனுப்பிய 460-ம் 460-ம் வந்தது தெரியாது. யூபிஐ லைட்டில் 1,000 ஏற்றியது தெரியும், ஆனால் ஒவ்வொரு டீக்கும் தனி எஸ்எம்எஸ் இல்லை. வங்கிக் கணக்கிலும் ஏற்றிய தொகை ஒற்றை வரியாகத்தான் விழும். ஆக, இன்னும் போனிலேயே இருக்கும் 910 ரூபாயும் செலவாகிவிட்டது, சட்டைப்பையில் இருந்த 3,000-மும் செலவாகிவிட்டது. இது காட்டிய மொத்தம் 13,580.

இதில் எனக்கு உண்மையாகவே கவலை தருவது அனுமதி. வங்கி எஸ்எம்எஸ்ஸை மட்டும் படி என்று ஆண்ட்ராய்டில் தனியாகச் சொல்ல முடியாது. கொடுத்தால் எல்லாச் செய்திகளையும் படிக்கும் அனுமதி, ஓடிபி உட்பட. ஐபோனில் வேறு செயலிகள் எஸ்எம்எஸ் படிக்கவே முடியாது என்பதால் அங்கே இந்த வழியே இல்லை. வங்கி விவரம் வேண்டுமென்றால், நம் ஒப்புதலோடு கணக்கு விவரத்தை வங்கியிலிருந்து செயலிக்குக் கொண்டுபோகும் அக்கவுண்ட் அக்ரிகேட்டர் முறை மேல், 2021-ல் நடைமுறைக்கு வந்தது. எந்தக் கணக்கு, எவ்வளவு காலம் என்று குறிப்பிட்டு ஒப்புதல் கொடுக்கலாம், பிறகு திரும்பப் பெறலாம். 60 ரூபாய் வரியும் அதில் வரும். ஆனால் அதுவும் வங்கி அறிக்கையின் விவரவரிதான். மாவா சீட்டா என்று அதற்கும் தெரியாது.

அந்த நாளின் உண்மையான செலவு என்ன? மளிகையும் மாவும் 1,350. பரிசு 850. ஆட்டோ 120. மருந்து 480. என் பங்குச் சாப்பாடு 460. சில்லறை 90. மொத்தம் 3,350. செயலி சொன்னது கிட்டத்தட்ட மூன்று மடங்கு, எஸ்எம்எஸ் கணக்கு சொன்னது நான்கு மடங்கு. சீட்டு செலவே இல்லை. சாப்பாட்டில் 1,380 திரும்பி வந்துவிட்டது, அதில் 460 எந்தச் செயலியும் பார்க்க முடியாத ரொக்கம்.

மூன்றாவது வழி இதனால்தான் எனக்குப் பிடித்திருக்கிறது, அதில் வேலை இருந்தாலும். எல்லாவற்றையும் எழுத வேண்டியதில்லை. மருந்துக்கடை, பெட்ரோல் பங்க் போன்றவற்றில் செயலியின் வகையே சரியாக இருக்கிறது, அங்கே கை வைப்பதில்லை. தனி மனிதருக்குப் போகும் பணத்துக்கு மட்டும் ஒரு சொல்: "மாவு", "ஆட்டோ", "சீட்டு". பின் நம்பர் போடுவதற்கு முன் இரண்டு நொடி வேலை. அந்தக் குறிப்பு பணம் வாங்குகிறவருக்கும் தெரியும் என்பதை மட்டும் மறக்கக் கூடாது; அவர் பார்க்கக் கூடாததை அங்கே எழுத வேண்டாம். சூப்பர் மார்க்கெட் போல ஒரே பில்லில் இரண்டு வகை கலந்தால், பரிசை மட்டும் தனியாகப் பில் போடச் சொல்லி இரண்டு முறை ஸ்கேன் செய்கிறேன். கூட்டம் இருந்தால் இது நடக்காது, அப்போது பில்லைப் படம் எடுத்து வைக்கிறேன்.

மாதம் ஒருமுறை வங்கி அறிக்கையை எடுத்து, ஏடிஎம் வரிகளையும் லைட்டில் ஏற்றிய வரிகளையும் சொந்தக் கணக்குக்கு மாற்றியவற்றையும் நீக்கிவிட்டு மிச்சத்தைக் கூட்டுகிறேன். கிரெடிட் கார்டு வைத்திருப்பவர்கள் கார்டு பில் கட்டிய வரியையும் பார்க்க வேண்டும். கார்டில் வாங்கியதையும் பில் கட்டியதையும் சேர்த்தால் ஒரே செலவு இரண்டு முறை வந்துவிடும். ரொக்கம் மட்டும் தனி: எடுத்தது எவ்வளவு, கையில் மிச்சம் எவ்வளவு என்ற இரண்டு எண்கள் போதும் எனக்கு.

பணம் பெறுகிறவருக்கே நிரந்தரமாக ஒரு வகை ஒட்டி வைக்கும் வசதி சில செயலிகளில் உண்டு. முதலில் அதைத்தான் நம்பினேன், மாவு அக்கா மகளின் பெயருக்கு "மளிகை" என்று ஒட்டினேன். ஒன்றாம் தேதி வாரத்தில் 5,000 ரூபாய் மளிகை ஏறியது. பிறகு தொகையை வைத்துப் பிரிக்கலாம், நூறுக்குள் என்றால் மாவு, ஆயிரத்துக்கு மேல் சீட்டு என்று வைத்துக்கொண்டேன். கொஞ்ச நாள் சரியாகவே ஓடியது. தீபாவளிக்கு முந்தின வாரம் அதே க்யூஆரில் 640 ரூபாய் போட்டேன். அக்கா அந்த வாரம் முறுக்கும் சுட்டு விற்றார்.