ஊசியா, பைபாஸா: கொழுப்பு ரிப்போர்ட்டை மட்டும் வைத்துப் பார்த்தால்

நான் இரண்டையும் பார்த்தவன். முதலில் நான்கு மாதம் எடை குறைக்கும் செமக்ளூடைட் ஊசி, அப்புறம் இரைப்பை பைபாஸ் அறுவை சிகிச்சை. எடை எவ்வளவு குறையும் என்பதைப் பற்றி எல்லோரும் பேசிவிட்டார்கள், அதை விட்டுவிடுகிறேன். ரத்தத்தில் இருக்கும் ஒரு வகைக் கொழுப்பான ட்ரைகிளிசரைடும் நன்றாகவே குறைகிறது, இரண்டிலுமே. நல்ல கொழுப்பு எனப்படும் எச்.டி.எல். மெதுவாக ஏறுகிறது, பைபாஸில் கொஞ்சம் கூடுதலாக. என் முடிவைத் தீர்மானித்தது கெட்ட கொழுப்பு எனப்படும் எல்.டி.எல்.தான்.

ஊசிக்கு முன் என் ரிப்போர்ட்: மொத்தக் கொழுப்பு 232, எச்.டி.எல். 37, ட்ரைகிளிசரைடு 290, எல்.டி.எல். 137. நான்கு மாதம் கழித்து மொத்தம் 215, எச்.டி.எல். 39, ட்ரைகிளிசரைடு 180. ஆனால் எல்.டி.எல். 140 என்று வந்தது! எடை 9 கிலோ குறைந்த பிறகு கெட்ட கொழுப்பு ஏறுமா என்று குழம்பிப் போனேன்.

இதில் ஒரு கணக்கு ஒளிந்திருக்கிறது. பல ஆய்வகங்கள் எல்.டி.எல்.லை நேரடியாக அளப்பதில்லை. மொத்தத்திலிருந்து எச்.டி.எல்.லையும், ட்ரைகிளிசரைடில் ஐந்தில் ஒரு பங்கையும் கழித்துவிட்டு மிச்சத்தை எழுதுகிறார்கள். முன்பு 232-37-58, இப்போது 215-39-36. ட்ரைகிளிசரைடு அதிகமாக இருந்தபோது 58 கழிந்ததால் எல்.டி.எல். உண்மையைவிடக் குறைவாகத் தெரிந்திருக்க வாய்ப்பு அதிகம். அந்தக் கழிவு 36 ஆனதும் எண் ஏறியது போலக் காட்டியது. இந்த மாதிரி நேரத்தில் மொத்தத்திலிருந்து எச்.டி.எல்.லை மட்டும் கழித்துப் பாருங்கள்: 195 இருந்தது 176 ஆகியிருந்தது. அதாவது ஊசி வேலை செய்திருக்கிறது, ஆனால் பெரும்பாலும் ட்ரைகிளிசரைடு பக்கம்தான்.

அது என் உடம்பின் தனிக் குணம் இல்லை. 2021-இல் வந்த ஸ்டெப் 1 ஆய்வில், 2.4 மி.கி. செமக்ளூடைட் 68 வாரம் எடுத்தவர்களின் எடை சராசரியாகச் சுமார் 15 சதவீதம் குறைந்தது, ட்ரைகிளிசரைடு 22 சதவீதம், எல்.டி.எல். வெறும் 3 சதவீதம். இதே மாதிரி இன்னொரு ஊசியான டிர்செபடைட்டில் எடை இன்னும் அதிகம் குறைந்தும், எல்.டி.எல். விஷயத்தில் பெரிய மாற்றம் இல்லை. காரணம் எளிது: சாப்பாடு குறைந்து, கல்லீரலில் சேர்ந்த கொழுப்பும் குறைவதால் அது ரத்தத்துக்கு அனுப்பும் ட்ரைகிளிசரைடு குறைகிறது. குடல் கொலஸ்டிராலை உறிஞ்சுவது ஏறக்குறைய அப்படியே நடக்கிறது.

பைபாஸ் கை வைப்பது அங்கேதான். உணவு சிறுகுடலின் முதல் பகுதியைத் தொடாமல் கீழே இறங்குகிறது, பித்தநீர் வேறு வழியாக வந்து பின்னால்தான் அதோடு கலக்கிறது. உணவில் வரும் கொலஸ்டிராலைவிடப் பித்தநீரோடு குடலுக்கு வருவதுதான் அதிகம், அதில் ஒரு பகுதி திரும்ப உறிஞ்சப்படாமல் வெளியே போய்விடுகிறது. கல்லீரலுக்குப் பற்றாக்குறை வந்தால் ரத்தத்திலிருந்து எல்.டி.எல்.லை இழுத்துக்கொள்ளும். ஒரு வருடம் கழித்து என் ரிப்போர்ட்: மொத்தம் 162, எச்.டி.எல். 48, ட்ரைகிளிசரைடு 105, எல்.டி.எல். 93. கொலஸ்டிராலைக் குறைக்க நான் எடுக்கும் ஸ்டாட்டின் மாத்திரை மூன்று முறையும் அதே அளவுதான்.

'அறுவை சிகிச்சை' என்று பொதுவாகச் சொல்லி ஸ்லீவுக்குத் தலையாட்டிவிடாதீர்கள். ஸ்லீவில் இரைப்பையைச் சிறிதாக்குவார்கள், குடல்வழி மாறாது. ட்ரைகிளிசரைடு குறையும், எல்.டி.எல். பெரிதாக அசையாது. இரண்டையும் ஒப்பிட்ட பின்லாந்து ஆய்விலும் ஐந்து வருடத்தில் பைபாஸ் செய்தவர்களின் எல்.டி.எல்.தான் குறைவாக இருந்தது.

இன்னொன்று, நிறுத்தினால் என்ன ஆகும் என்பது. குமட்டல் தாங்காமல் ஊசியை விட்ட இரண்டே மாதத்தில் என் ட்ரைகிளிசரைடு 260-ஐத் தொட்டது. ஸ்டெப் 1-இல் இருந்தவர்களும் நிறுத்திய ஒரு வருடத்தில் இழந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கைத் திரும்பப் பெற்றார்கள். பைபாஸிலும் சும்மா விட முடியாது, பி12, இரும்பு, கால்சியம் எல்லாம் ஆயுள் முழுக்க. ஆனால் அதில் ஒருநாள் தவறினால் கொழுப்பு எண் ஏறாது.

ஊசியை நான் முழு அளவு வரை ஏற்றவே இல்லை, நான்கு மாத அனுபவத்தை வைத்து அதைக் குறை சொல்வது நியாயமில்லை. ஊசிக்குச் சாதகமாக ஒரு வலுவான விஷயமும் இருக்கிறது: 2023-இல் செலக்ட் ஆய்வில், ஏற்கெனவே இதய நோய் இருந்த 17,000-க்கும் மேற்பட்டவர்களில் செமக்ளூடைட் எடுத்தவர்களுக்கு, மருந்தில்லாத ஊசி போட்டவர்களைவிட, எல்.டி.எல். பெரிதாக மாறாமலே மாரடைப்பு, பக்கவாதம், இதய நோயால் மரணம் ஆகியவை சேர்ந்து 20 சதவீதம் குறைந்தன. ட்ரைகிளிசரைடு மட்டுமே பிரச்சினை என்றால் நானே ஊசியைத்தான் முதலில் சொல்வேன். பரம்பரையாக எல்.டி.எல். எக்கச்சக்கமாக இருப்பவர்களுக்கு இரண்டுமே மாத்திரைக்கு மாற்று இல்லை.

எதைத் தேர்ந்தெடுத்தாலும் எடை வேகமாக இறங்கும் மாதங்களில் வரும் எல்.டி.எல்.லைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், மருத்துவரைக் கேட்காமல் ஸ்டாட்டினை நிறுத்தவும் வேண்டாம். எடை ஒரு நிலைக்கு வந்த பிறகு எடுக்கும் ரிப்போர்ட்டை வைத்துத்தான் என் மருத்துவர் மாத்திரை அளவைப் பற்றிப் பேசவே ஆரம்பித்தார்.